வாரத்துக்கு ரெண்டு தடவை மீன்னு சொன்னேன், எந்த மீன்னு சொல்லல

போன எபிசோட்ல முட்டை பத்திப் பேசினதுக்கு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுல பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "மீன் மாத்திரை போடலாமா, இல்ல மீனே சாப்பிட்டா போதுமா?" இதுக்கு நான் பதில் சொல்லணும்னா, முதல்ல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும். ஏன்னா இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லி, அதை எட்டு மாசம் எங்க அப்பாவை நம்பவும் வச்சது நான்தான்.

எனக்கு ஊர் செம்பட்டி. திண்டுக்கல்லேந்து வத்தலக்குண்டு போற வழியில பஸ் நிக்கும், தெரிஞ்சிருக்கும். கடல் எங்களுக்கு ரொம்ப தூரம். எங்களுக்கு மீன்னா டேம் மீன், கண்மாய் மீன். பக்கத்துல ஆத்தூர் காமராஜர் அணை இருக்கு. ரோகு, கட்லா, ஜிலேபி, நல்ல நாள்ல விரால். சின்ன வயசுல நான் சாப்பிட்ட மீன் முழுக்க இதுதான். கடல் மீன் ஐஸ் பெட்டியில வரும், ஆனா எங்க வீட்டுல "அது நாள்பட்ட மீனு"ன்னு தொட மாட்டாங்க.

நான் சென்னையில டயட்டீஷியனா வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் என் பங்குக்கு, எல்லா பேஷன்ட்கிட்டயும் சொல்ற அதே வசனத்தைச் சொன்னேன். "மட்டனைக் குறைங்கப்பா. வாரத்துக்கு ரெண்டு தடவை மீன் சாப்பிடுங்க. ஒமேகா த்ரீ இருக்கு, இதயத்துக்கு நல்லது."

அப்பா சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். எட்டு மாசம் கழிச்சு பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் தவறாம மீன் சாப்பிட்டிருக்கார். எப்படின்னு கேட்டா, ஜிலேபி மீனை மசாலா தடவி, சட்டி நிறைய சன்ஃப்ளவர் எண்ணெய்ல முக்கி எடுத்து, மொறுமொறுன்னு. புதன்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில ரெண்டு பீஸ் ரோகு வறுவல். அது போக, கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் சொன்னார்னு மெடிக்கல்ல ஒரு டப்பா மீன் எண்ணெய் மாத்திரை. "மாத்திரையும் போடுறேன், மீனும் சாப்பிடுறேன், இதுக்கு மேல என்னத்தா செய்யணும்?"ன்னு கேட்டார். என்னால அவரைக் கோச்சுக்க முடியல. நான் "மீன்"னு சொன்னேன், அவர் மீன் சாப்பிட்டார். தப்பு என் பக்கம்.

சரி, அவருக்கு உண்மையில எவ்வளவு கிடைச்சதுன்னு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன். அதை உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன், பெரிய கணக்கெல்லாம் இல்ல.

ஒமேகா த்ரீன்னு பொதுவா சொல்றோம். மீன்ல நமக்கு வேண்டியது அதுல ரெண்டு வகை, ஈபிஏ, டிஹெச்ஏ. ஆரோக்கியமான ஒரு பெரியவங்களுக்கு ரெண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 250லேந்து 500 மில்லிகிராம் வரைக்கும் இருந்தா நல்லதுன்னு பல நாட்டு வழிகாட்டிகள் சொல்லுது. வாரக் கணக்குல பார்த்தா சுமாரா ரெண்டு கிராம்லேந்து மூணரை கிராம். தினமும் சாப்பிடணும்னு இல்ல. இது கொழுப்பு, உடம்பு சேர்த்து வச்சுக்கும். அதனால வாரக் கணக்கே போதும்.

இப்ப ஜிலேபி, ரோகு மாதிரி மீன்ல, 100 கிராம் சதையில சுமாரா 100லேந்து 200 மில்லிகிராம்தான் இருக்கும். தீவனம், வளர்ற தண்ணி இதைப் பொறுத்து மாறும். அப்பா ஒரு வேளைக்கு 150 கிராம் சாப்பிட்டார்னு வைங்க. ரெண்டு வேளைக்கும் சேர்த்து அரை கிராம் தேறினாலே பெருசு. வாரத்துக்கு அரை கிராம், ஒரு நாளைக்கு சுமார் 70 மில்லிகிராம்தான். அதுவும் வறுக்கிறதுக்கு முன்னாடி உள்ள கணக்கு.

வறுக்கிறப்ப என்ன ஆகுது? நிறைய பேர் நினைக்கிறது, சூட்டுல ஒமேகா த்ரீ "எரிஞ்சு போயிடும்"னு. அஞ்சாறு நிமிஷ வறுவல்ல அப்படி ஒண்ணும் பெருசா அழிஞ்சுடாது. நடக்கிறது பண்டமாற்று. மீன்ல இருக்கிற தண்ணி ஆவியா வெளியேறும், அந்த இடத்துல சட்டி எண்ணெய் உள்ள போகும். மீனோட சொந்தக் கொழுப்புல கொஞ்சம் உருகி சட்டிக்கு வந்துடும். ஜிலேபி மாதிரி கொழுப்பே இல்லாத மீன்ல கொடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, வாங்கிக்கிறது மட்டும்தான். மாவு, மசாலா தடிமனா பூசினா இன்னும் குடிக்கும். கடைசியில தட்டுக்கு வர்ற மீன்ல இருக்கிற கொழுப்புல பெரும்பகுதி சன்ஃப்ளவர் எண்ணெய். அதுல ஈபிஏ, டிஹெச்ஏ சுத்தமா கிடையாது.

இது வெறும் சமையலறை தர்க்கம் இல்ல. அமெரிக்காவுல 65 வயசுக்கு மேற்பட்ட 3,910 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு 2003ல 'சர்க்குலேஷன்' இதழ்ல வந்துச்சு. சுட்ட மீனும் சூரை மாதிரி மீனும் சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்புச் சாவு குறைவா இருந்துச்சு. வறுத்த மீனும் மீன் சாண்ட்விச்சும் சாப்பிட்டவங்களுக்கு அந்தப் பலன் தெரியல. ரத்தத்துல இருந்த ஒமேகா த்ரீ அளவும் அதே கதையைத்தான் சொல்லுச்சு.

ஆனா இதை வச்சுக்கிட்டு "வறுவல் விஷம், குழம்பு அமிர்தம்"னு ரீல்ஸ் போடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வரும். அந்த ஊர்ல வறுத்த மீன்னா பெரும்பாலும் கொழுப்பு இல்லாத வெள்ளைச் சதை மீன். அதாவது மீனும் வேற, சமையலும் வேற. நம்ம ஊர்ல ரெஸ்டாரன்ட்ல வர்ற ஃபிஷ் ஃபிங்கர், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எடுத்துக்கங்க. முள்ளே இல்லாம வெள்ளையா இருக்கும். அது பெரும்பாலும் பாசா. பாசாவுல ஒமேகா த்ரீ ஜிலேபியை விடவும் குறைவு. அதை வறுக்காம குழம்பு வச்சா மட்டும் எங்கேந்து வரும்? இல்லாததைக் குழம்பு கொண்டு வராது.

அப்ப எந்த மீன்? அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நானே பை எடுத்துக்கிட்டு மீன் கடைக்குப் போனேன். எங்களுக்கு ரொம்ப வருஷமா மீன் வெட்டித் தர்ற அக்கா ஒருத்தர் இருக்காங்க. "என்ன பாப்பா, அப்பாவுக்கு ஜிலேபியா?"ன்னு எடுக்கப் போனாங்க. "இல்லக்கா, மத்தி இருக்கா?"ன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "மெட்ராஸ்ல இருக்கிறவ வஞ்சிரம் கேப்பேன்னு பார்த்தா, சாளை கேக்குற. அது முள்ளு. உங்கப்பா திங்க மாட்டாரு."

எங்க பக்கம் சாளைன்னும் சொல்வாங்க, மத்தின்னும் சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். கேரளக் கடல்ல அதிகம் கிடைக்கிற மீன். அதுல 100 கிராம் சதைக்கு ஒமேகா த்ரீ ஒரு கிராமை ஒட்டி இருக்கும். ஜிலேபியோட அஞ்சு மடங்குக்கு மேல. அடுத்தது அயிலை, சில ஊர்ல காணாங்கெளுத்தின்னு சொல்வாங்க. அதுல மத்தியில பாதின்னு மனசுல வச்சுக்கலாம். நெத்திலியும் இந்தப் பக்கம்தான். வஞ்சிரம் ருசிக்கு ராஜா, ஆனா அன்னைக்கு வஞ்சிரம் வாங்குற காசுக்கு அஞ்சு மடங்கு மத்தி வாங்கலாம், ஒமேகா த்ரீயும் அதுல மத்தி அளவுக்கு இல்ல. விலைக்கும் இந்தக் கொழுப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

மத்திக்கு ஏன் இவ்வளவு? அது தின்னுறது கடல்ல மிதக்கிற நுண்பாசி. ஈபிஏ, டிஹெச்ஏ உருவாகிறதே அந்தப் பாசியிலதான். மீன் அதைத் தன் கொழுப்புல சேர்த்து வைக்குது. அதனால மீன் எவ்வளவு கொழுத்திருக்குங்கிறதைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும். மழைக்காலம் முட்டை விடுற நேரம், அப்ப மெலிஞ்சு போயிடும். அது முடிஞ்சு பாசி நிறைய தின்னு, வருஷக் கடைசி மாசங்கள்ல நல்லாக் கொழுக்கும். கொழுத்த மத்தியை வெட்டினா கத்தியில எண்ணெய் பிசுபிசுக்கும், வயித்துப் பக்கம் வெள்ளையாக் கொழுப்புத் தெரியும். மெலிஞ்ச மத்தியில ஒரு கிராம்னு நான் சொன்னது பாதியாகவும் குறையலாம்.

அக்கா அரை கிலோ போட்டாங்க. செதில் உரசி, தலை, குடல் எடுத்து வீட்டுக்கு வந்தப்ப சுமார் 300 கிராம். வெட்டுறவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க: வயித்துச் சதையை அரிஞ்சு போட்டுடாதீங்கன்னு. கொழுப்பு அங்கதான் அதிகம். தோலையும் உரிக்க வேண்டாம்.

இங்க ஒரு எச்சரிக்கை. எங்க வீட்டுல "நாள்பட்ட மீனு"ன்னு பயந்ததுல ஒரு நியாயம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு மதியம், வெயில்ல இருந்த அயிலையை அம்மா வாங்கி வந்து குழம்பு வச்சாங்க. சாப்பிட்ட அரை மணி நேரத்துல அம்மாவுக்கு முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. மீன் அலர்ஜின்னு நினைச்சு அதோட கடல் மீனையே நிறுத்திட்டாங்க. அது அலர்ஜி இல்ல. மத்தி, அயிலை, சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாம சூட்டுல கிடந்தா, சதையில ஹிஸ்டமின்னு ஒண்ணு சேரும். ஒரு தடவை சேர்ந்துட்டா எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது. வாயில வச்சா நாக்கு மிளகு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருந்தா துப்பிடுங்க. ஆனா எல்லா நேரமும் அந்த ருசி தெரியாது, அதனால வாங்குறப்பவே பார்க்கணும். மத்தியோட வயிறு கிழிஞ்சு குடல் வெளிய வந்திருந்தா வேண்டாம். கண்ணு தெளிவா இருக்கணும், செவுள் சிவப்பா இருக்கணும், மீன் ஐஸுக்கு மேல இல்ல, ஐஸுக்குள்ள இருக்கணும். எங்க ஊர் மாதிரி கடலுக்குத் தூரமான ஊர்ல காலையில போய் வாங்குங்க, நேரா வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டு மூச்சுத் திணறல் வந்தா மட்டும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சரி, இப்ப குழம்பு. அம்மா மண்சட்டியில நல்லெண்ணெய் ஊத்தி, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளி கரைச்சு ஊத்தி, மிளகாய்த் தூள் பச்சை வாசம் போற வரைக்கும் குழம்பை நல்லாக் கொதிக்க விட்டாங்க. அதுக்கப்புறம்தான் மீன். மத்திக்கு எட்டு நிமிஷம் போதும், தீயைக் குறைச்சு. கரண்டி போட மாட்டாங்க, சட்டியோட ரெண்டு காதையும் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்துவாங்க. கொஞ்ச நேரத்துல குழம்பு மேல எண்ணெய் பிரிஞ்சு மிதக்கும். அது வெறும் நல்லெண்ணெய் இல்ல. மத்தியிலேந்து உருகி வந்த கொழுப்பும் அதுல கலந்திருக்கு. வறுவல்ல இதே கொழுப்பு சட்டியிலயே தங்கிடும், நாம சாப்பிட மாட்டோம். குழம்புல அதைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டுடுறோம். குழம்புக்கு உள்ள உண்மையான சாதகம் இது ஒண்ணுதான். மேல மிதக்கிற எண்ணெயை வடிச்சுக் கீழ ஊத்திட்டு மீனை மட்டும் சாப்பிட்டா, அந்தச் சாதகமும் போச்சு.

அப்பாவுக்குப் பிரஷர் இருக்கு, அதனால உப்பு மட்டும் குறைச்சுப் போட்டாங்க. புளி இருக்கிறதால பெருசாத் தெரியல.

அப்பா உட்கார்ந்தார். ரெண்டு மீன் சாப்பிட்டார். முள்ளை எடுத்து எடுத்து இலை ஓரத்துல அடுக்கினார். மூணாவது மீனுக்குக் கையை எடுத்துட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மீன் சாப்பிட்ட மாதிரி இல்லத்தா, வேலை பார்த்த மாதிரி இருக்கு. எனக்கு மொறுமொறுன்னு ஒண்ணு வேணும்."

இங்க நான் டயட்டீஷியனாப் பேசியிருந்தா தோத்திருப்பேன். அம்மாதான் வழி கண்டுபிடிச்சாங்க. மிச்ச மத்தியில கீறல் போட்டு, மசாலாவை மாவு இல்லாம மெல்லிசாத் தடவி, தோசைக்கல்லுல ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு, பக்கத்துக்கு மூணு நிமிஷம். மத்தியே எண்ணெய் விடும், அதுலயே வேகும். நடு முள்ளு கூட மொறுமொறுன்னு ஆகிடுச்சு. கொஞ்சம் கொழுப்புக் கல்லுல போயிருக்கும், ஆனா பெரும்பகுதி மீன்லதான் இருக்கு. கல்லுல வறுத்த மத்தி, ஒமேகா த்ரீ கணக்குல ரோகு குழம்பை அசால்ட்டா ஜெயிச்சுடும். அதனாலதான் சொல்றேன், குழம்பா வறுவலாங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்த மீனுங்கிறதுதான் முதல் கேள்வி.

தள்ளுவண்டி வறுவல் வேற விஷயம். அங்க பிரச்சனை மீன் இல்ல, எண்ணெய். காலையிலேந்து கொதிச்ச எண்ணெய்ல போலார் காம்பவுண்ட்னு சொல்ற சிதைஞ்ச பொருள்கள் சேரும். அது 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு. நம்ம கண்ணுக்கு மீட்டர் இல்ல. ஆனா எண்ணெய் கருத்து, பாகு மாதிரி கெட்டியாகி, மீன் போட்டதும் நுரை அடங்காம பொங்குச்சுன்னா வேற கடை பாருங்க.

இப்ப அந்த மாத்திரை. அப்பாவோட டப்பா முன்பக்கம் பெருசா 1000 மில்லிகிராம்னு போட்டிருந்துச்சு. அப்பா அதை ஒரு கிராம் ஒமேகா த்ரீன்னு நினைச்சிருந்தார். அது மீன் எண்ணெயோட எடை. பின்பக்கம் பொடி எழுத்துல ஈபிஏ 180, டிஹெச்ஏ 120. மொத்தம் 300தான். சாதாரண மாத்திரைகள் பெரும்பாலும் இந்தக் கணக்குதான், உங்க வீட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்க. அரை கிலோ மத்தியை ரெண்டு பேர் பகிர்ந்தா ஆளுக்கு 150 கிராம், சுமார் ஒன்றரை கிராம் ஒமேகா த்ரீ, அதாவது இந்த மாத்திரை அஞ்சு. வாரத்துக்கு ரெண்டு வேளைன்னா மூணு கிராம், ஒரு நாளைக்கு 400க்கு மேல. மெலிஞ்ச சீசன்ல பாதியாப் போனாலும், அப்பாவோட பழைய 70ஐ விட மூணு மடங்கு.

மாத்திரை மோசம்னு நான் சொல்லல. ஆனா 2018ல வெளிவந்த வைட்டல்ங்கிற பெரிய ஆய்வுல, 25,871 பேர்ல பாதிப் பேருக்கு தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரையும் மீதிப் பேருக்கு டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாங்க. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்குல குறிப்பிடும்படி வித்தியாசம் இல்ல. இன்னொரு பக்கம், ட்ரைகிளிசரைட் ரொம்ப அதிகமா இருக்கிறவங்களுக்கு டாக்டரே நாலு கிராம் வரைக்கும் எழுதுவார். அது மருந்து. அதை மத்திக் குழம்பால ஈடு கட்ட முடியாது, நான் சொன்னேன்னு நிறுத்திடாதீங்க. அப்பாவுக்கு யாரும் எழுதித் தரல, அவரா வாங்கினது. அடுத்த செக்கப்ல அவரோட டாக்டர்கிட்டயே கேட்டோம். டப்பா தீர்ந்ததும் விட்டுடலாம்னார்.

ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம், கடல் மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அப்ப அப்பா மறுபடி டேம் மீனுக்குப் போயிடுறார். போகட்டும், ரோகுவுல புரதம் இருக்கு, குழம்பு வச்சா நல்ல சாப்பாடுதான். அதை ஒமேகா த்ரீ கணக்குல எழுதாம இருந்தா சரி.

போன மாசம் அக்கா போன்ல பேசினாங்க. அப்பா கடைக்கு வந்து, முன்னாடி வச்சிருந்த மத்தியோட செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது நேத்து வந்ததுதானே?"ன்னு கேட்டாராம். "உங்கப்பாவுக்கு வியாபாரம் பண்றது இப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கு பாப்பா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க.